ஒரே பாடம், மூன்று கேள்விகள்

"சமூகவியல்தான் என் விருப்பப் பாடம். இக்னோ பாடநூல்களை இரண்டு முறை படித்து, குறிப்பும் எடுத்துவிட்டேன். ஆனால் யு.பி.எஸ்.சி. முதன்மைத் தேர்வின் பழைய கேள்வித்தாளை எடுத்தால் ஒன்றுக்கும் முழுதாக எழுத வரவில்லை. படித்ததைக் கேள்வியோடு எப்படிச் சேர்ப்பது?"
– வாசகி, மதுரை

உங்கள் குறிப்பு அத்தியாய வரிசையில் இருக்கும். கேள்வியோ பாடத்திட்டத்தின் ஒரு வரியிலிருந்து பிறக்கிறது. அதனால்தான் இரண்டும் ஒட்டவில்லை. ஒரே ஒரு வரியை எடுத்துச் செய்து பார்ப்போம். முதல் தாளில் டர்க்கைம் பெயருக்கு எதிரே நான்கு தலைப்புகள் உண்டு: உழைப்புப் பிரிவினை, சமூக உண்மை, தற்கொலை, சமயமும் சமூகமும். இதில் தற்கொலையை எடுத்துக்கொள்வோம்.

ஆணையத்தின் இணையதளத்தில் பழைய தாள்கள் கிடைக்கின்றன. 2013 முதலானவற்றை எடுங்கள். அதற்கு முன்பு விருப்பப் பாடம் இரண்டு, தாளுக்கு 300 மதிப்பெண். இப்போது ஒரே பாடம், தாளுக்கு 250. ஆகவே அதற்கு முந்தைய தாள்கள் கருத்துக்கு உதவும், விடையின் அளவைப் பழக உதவாது. தேடும்போது டர்க்கைம் பெயரோடு நின்றுவிடாதீர்கள். பாசிட்டிவிசத்தின் மீதான விமர்சனம், ஆய்வுமுறை பற்றிய கேள்விகளையும் சேருங்கள். அவற்றுக்கு டர்க்கைமின் தற்கொலை ஆய்வைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

சேர்ந்த கேள்விகளை ஆண்டுவாரியாக அடுக்க வேண்டாம். எதைக் கேட்கிறது என்று பார்த்துப் பிரியுங்கள். இந்த வரிக்குப் பெரும்பாலும் மூன்று வகைதான் வரும். ஒன்று, கோட்பாட்டை விளக்கச் சொல்வது. இரண்டு, அந்த ஆய்வுமுறை சரியா என்று கேட்பது. மூன்று, இன்றைய சமூகத்துக்கு அது பொருந்துமா என்பது. இப்போது பாடநூலைத் திறந்து பென்சிலோடு படியுங்கள். எந்தப் பத்தி எந்த வகைக்கு உதவுமோ, ஓரத்தில் 1, 2, 3 என்று எண் போடுங்கள். ஒரே பத்திக்கு இரண்டு எண் விழலாம். முடிந்ததும் பாருங்கள்: எந்த எண் அரிதாக விழுந்திருக்கிறதோ, அதற்கு மட்டும்தான் வேறு நூல் தேவை. கண்ட நூலையெல்லாம் வாங்கிக் குவிப்பது இத்தோடு நிற்கும்.

இனி ஏ4 தாள் ஒன்றில் இதையெல்லாம் எழுதுங்கள். 1897இல் வந்த ஆய்வு. தனி ஒருவரின் சாவை அல்ல, தற்கொலை விகிதத்தை விளக்குகிறது. பிணைப்பு குறைந்தால் தன்மையச் சாவு, மிகுந்தால் பிறர்நலச் சாவு; கட்டுப்பாடு தளர்ந்தால் அனாமிச் சாவு, இறுகினால் விதிவசச் சாவு. கடைசி வகையை டர்க்கைம் ஓர் அடிக்குறிப்பில்தான் சொல்கிறார். பிறகு 1967இல் சமூகவியலாளர் ஜாக் டக்ளஸ் எழுப்பிய எதிர்ப்பு: எது தற்கொலை என்று முடிவுசெய்வது அதிகாரிகள், உறவு நெருக்கமான சமூகங்களில் சாவு மறைக்கப்படலாம், அப்படியானால் குறைந்த விகிதம் பிணைப்பைக் காட்டுகிறதா, மறைப்பைக் காட்டுகிறதா? நம் நாட்டிலும் தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் தற்கொலைக் கணக்கு காவல்துறைப் பதிவிலிருந்தே வருகிறது என்பதை இதன் பக்கத்தில் எழுதுங்கள்.

தாள் ஒன்றுதான், கேள்விக்கேற்ப எடை மாற வேண்டும். "தற்கொலை ஒரு சமூக உண்மை – விளக்குக" என்றால் நான்கு வகைகளும் அவற்றின் இரு அச்சுகளும் விடையில் பாதிக்கு மேல் வரலாம். "டர்க்கைமின் முறையை விமர்சன நோக்கில் ஆராய்க" என்றால் நான்கு வகைக்கும் சேர்த்து ஒரே வாக்கியம் போதும். மதப்பிரிவுகளுக்கிடையே, மணமானவர் மணமாகாதவரிடையே அவர் விகிதங்களை ஒப்பிட்ட விதமும், டக்ளஸின் எதிர்ப்பும், இரண்டையும் எடைபோட்டு நீங்கள் எடுக்கும் முடிவும்தான் விடை. பலர் மதிப்பெண் இழப்பது இங்கேதான். எந்தக் கேள்வி வந்தாலும் நான்கு வகைகளையும் வரிசையாக எழுதி முடித்து, விமர்சனத்துக்குக் கடைசி இரண்டு வரியை ஒதுக்குகிறார்கள். உள்ளடக்கம் சரி, ஆனால் கேட்டதற்கான பதில் இல்லை.

நேரத்தையும் இப்போதே பழகுங்கள். 180 நிமிடத்தில் 250 மதிப்பெண் என்றால் 10 மதிப்பெண் விடைக்கு ஏறக்குறைய 7 நிமிடம், 20 மதிப்பெண்ணுக்கு 14. பத்து மதிப்பெண் கேள்விக்கு 150 சொல் என்று தாளிலேயே இருக்கும். தமிழில் எழுதுகிறீர்கள் என்றால், கேள்விகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். கலைச்சொல்லுக்கு அருகே ஆங்கில வடிவத்தை அடைப்புக்குறியில் தர ஆணையம் இடம் தருகிறது. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரே தமிழ் வடிவத்தை ஏ4 தாளிலேயே முடிவு செய்துவிடுங்கள். தேர்வறையில் சொல் தேடி நின்றால் அந்த 7 நிமிடம் போதாது.

எழுதிய விடையைக் கேள்வியை மறைத்துவிட்டு, உடன் படிப்பவரிடம் கொடுங்கள். "இது என்ன கேள்விக்கான விடை?" என்று கேளுங்கள். "டர்க்கைம் பற்றி ஏதோ" என்று சொன்னால் திரும்ப எழுதுங்கள். "ஆய்வுமுறையை விமர்சிக்கச் சொல்லியிருக்கிறார்கள்" என்று சொன்னால் அடுத்த வரிக்குப் போகலாம். அது 'சமூக உண்மை'யாக இருக்கட்டும். இந்தத் தாளில் பாதி ஏற்கெனவே அதற்கும் பொருந்தும்.