இடமாற்றத்தை மறுத்தால் வேலை போகுமா?

"கல்முனையில் ஒரு லீசிங் கம்பெனிக் கிளையில் ஒன்பது வருடமாகக் காசாளராக இருக்கிறேன். போன மாதம் ஓவர்டைம் காசு தரவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். மூன்று கிழமையில் குருநாகல் கிளைக்கு இடமாற்றக் கடிதம் வந்துவிட்டது. அம்மாவுக்கு மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் கிழமைக்கு இரண்டு தரம் டயாலிசிஸ். சொன்ன திகதிக்குப் போகாவிட்டால் வேலையைக் கைவிட்டதாக எடுப்போம் என்கிறார்கள். போகமாட்டேன் என்றால் நிறுத்த முடியுமா?"
– வாசகி, களுவாஞ்சிக்குடி

வெறுமனே 'போகமாட்டேன்' என்று சொல்லி நின்றால், நிறுத்த முடியும். தனியார் நிறுவனத்தில் யாரை எங்கே வேலைக்கு அமர்த்துவது என்பது முதலாளியின் நிர்வாக உரிமை என்றே நமது நீதிமன்றங்கள் பார்க்கின்றன. சட்டப்படியான கட்டளையை வேண்டுமென்றே மீறுவது பணிநீக்கத்துக்குப் போதிய காரணமாகலாம். எனவே முதலில் கட்டளைக்குப் பணி, பிறகு முறையிடு என்பதுதான் பொதுவான நிலைப்பாடு.

ஆனால் அந்த உரிமைக்கு எல்லை உண்டு. நியமனக் கடிதத்தை எடுத்துப் பாருங்கள். 'இலங்கையின் எந்தக் கிளைக்கும்' என்ற வரி இருந்தால் கம்பெனியின் கை ஓங்கியிருக்கும். அப்படி இருந்தாலும் சம்பளத்தையோ பதவித் தரத்தையோ குறைக்கும் இடமாற்றத்தையும், சகோதர கம்பெனி என்று சொல்லி வேறொரு முதலாளியிடம் அனுப்புவதையும் உங்கள் சம்மதமில்லாமல் திணிக்க முடியாது. பழிவாங்கும் நோக்கம் இருந்தாலும் இடமாற்றம் நிலைக்காது.

உங்கள் விஷயத்தில் பலமான இடம் அதுதான். ஓவர்டைம் கடிதத்துக்கும் இடமாற்றத்துக்கும் மூன்று கிழமைதான் இடைவெளி. ஆனால் திகதிகள் மட்டும் போதாது. குருநாகலில் உண்மையில் காசாளர் வெற்றிடம் இருக்கிறதா? கல்முனையில் உங்கள் கதிரைக்கு வேறொருவரைப் போட்டார்களா? உங்களைவிடக் குறைந்த சேவைக்காலமுள்ள, குடும்பச் சுமை இல்லாத யாரையாவது விட்டுவிட்டு உங்களைத் தெரிந்தார்களா? உங்களுக்குச் சிங்களம் பேச வராதென்றால், உங்களைச் சிங்கள வாடிக்கையாளர்கள் வரும் கவுண்டரில் போடுவதற்குச் சொல்லக்கூடிய காரணம் என்ன? இவற்றுக்குக் கம்பெனி நல்ல பதில் வைத்திருந்தால், அம்மாவின் நோய் மட்டும் கட்டளையைச் செல்லாததாக்காது. அது அவகாசம் கேட்பதற்கும் அனுதாபத்துக்கும் உதவும், அவ்வளவுதான்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. நீங்கள் வேலையில் இருக்கும்வரை இந்த இடமாற்றத்தை நேரடியாகத் தொழில் நியாய சபைக்குக் கொண்டுபோக முடியாது. தொழிலாளி தானாகப் போகும் வழி, வேலை நிறுத்தப்பட்ட பிறகுதான் திறக்கிறது. அதற்கு முன் தொழில் திணைக்களத்தில்தான் முறையிடலாம். ஆகவே இப்போது செய்ய வேண்டியது, கம்பெனியின் காகிதம் மட்டும் சபைக்குப் போகாதபடி உங்கள் காகிதத்தையும் உருவாக்குவது.

சொன்ன திகதிக்கு முன்பே பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். 'வேலையை விடும் எண்ணம் எனக்கு இல்லை. தாயாரின் சிகிச்சைக்கு ஏற்பாடு செய்ய இரண்டு மாத அவகாசம் தாருங்கள். ஓவர்டைம் முறைப்பாட்டுக்குப் பின் வந்த இடமாற்றம் என்பதால் எனது ஆட்சேபனையைப் பதிவுசெய்கிறேன்' என்ற அளவில் இருக்கட்டும். டயாலிசிஸ் அட்டவணையின் பிரதியையும் வையுங்கள். பதில் வராவிட்டாலோ மறுத்தாலோ, ஆட்சேபனையோடு குருநாகல் போய் ஒப்பமிடுவதுதான் பாதுகாப்பான வழி. பிறகு அங்கிருந்து லீவுக்கு விண்ணப்பியுங்கள். கோபத்தில் ராஜினாமா எழுதாதீர்கள். கம்பெனிக்கு அதைவிடப் பெரிய உதவி கிடையாது.

கடிதம் ஏன் என்றால், 'கைவிட்டார்' என்று முடிவெடுக்க வராமல் இருந்தது மட்டும் போதாது, விட்டுப்போகும் எண்ணமும் வேண்டும். அரச பொறியியல் கூட்டுத்தாபனம் சம்பந்தப்பட்ட 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பு இதைத் தெளிவாகச் சொன்னது. உங்கள் கடிதம் அந்த எண்ணத்தை மறுக்கும். ஆனால் கல்முனைக்கே வந்து ஒப்பமிட்டுக்கொண்டிருந்தால், கைவிடல் என்பது போய்க் கட்டளை மீறல் என்ற குற்றச்சாட்டு வரும். அதற்கு இந்தக் கடிதம் மட்டும் காப்பாகாது.

சரி, நிறுத்தியே விட்டால்? நிறுத்திய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபையில் விண்ணப்பிக்க வேண்டும். தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுத்துவிட்டு, அது முடியட்டும் என்று காத்திருந்து காலத்தைத் தவறவிடுபவர்கள் அதிகம். சபை 'நியாயமும் ஒப்புரவும்' பார்த்து மீண்டும் வேலையோ நட்டஈடோ கட்டளையிடலாம். ஒன்பது வருடச் சேவையும் சுத்தமான பதிவும் அங்கே எடைபோடப்படும். நீங்கள் முரண்டுபிடித்ததும் எடைபோடப்படும்.

பணிக்கொடையைப் பற்றிக் கவலை வேண்டாம். கம்பெனியில் 15 பேரோ அதற்கு மேலோ இருந்தால், 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். கடைசிச் சம்பளம் 78,000 ரூபா என்று வைத்தால் 39,000 பெருக்கல் 9, அதாவது 351,000 ரூபா. மோசடி, கையாடல், சொத்துச் சேதம் போன்றவற்றுக்குத்தான் அதை மறுக்கலாம். இடமாற்றத்துக்குப் போகவில்லை என்பது அந்த வகையில் வராது.

நியமனக் கடிதம், இடமாற்றக் கடிதம், ஓவர்டைம் மனு மூன்றின் பிரதியையும் எடுத்துக்கொண்டு, திகதி வருவதற்கு முன் கல்முனையிலோ மட்டக்களப்பிலோ ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள்.