"பாக்கி உண்மைதான், ஆனால்..." என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்

கேள்வி: பழைய சப்ளையர் ஒருத்தர் பணம் பாக்கி என்று வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். பொறுப்பில்லை என்று மட்டும் பதில் போட்டால் போதுமா? கோர்ட்டில் சொல்ல வேண்டியதை எல்லாம் இப்போதே சொல்லாவிட்டால் பிறகு சொல்ல முடியாமல் போய்விடுமா?

நோட்டீசில் போட்டிருக்கும் "15 நாட்களுக்குள்" என்ற வரியைப் பார்த்து நீங்கள் இந்நேரம் ஒரு நீளமான பதிலை டைப் அடித்து வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அதைத்தான் செய்தேன். அனுப்பாதீர்கள். சாதாரணக் கடன் பாக்கி நோட்டீசில் அந்த 15 நாள் என்பது எதிர் வக்கீல் வைத்த கெடு, சட்டம் வைத்தது இல்லை. செக் திரும்பி வந்து அனுப்பும் நோட்டீஸ் என்றால் கதையே வேறு. அங்கே 15 நாள் என்பது சட்டத்திலேயே இருக்கிறது, நான் கீழே சொல்வதை அதற்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம்.

நான் வக்கீல் இல்லை. ஒரு சின்ன பேக்கிங் யூனிட் நடத்துகிறேன். 2016 ஜனவரியில் எனக்கு ஒரு நோட்டீஸ் வந்தது, அதை வைத்துத்தான் பேசுகிறேன். "சட்டம் தெரியாதவன் சட்டம் பேசுகிறான்" என்று எழுதக் காத்திருப்பவர்கள் தாராளமாக எழுதலாம்.

2013 மார்ச் 18 அன்று ஒரு சப்ளையரிடமிருந்து 9,000 அட்டைப் பெட்டிகள் வந்தன. பெட்டி ஒன்று 30 ரூபாய், மொத்தம் 2,70,000. ஆர்டர் கொடுக்கும்போதே 1,50,000 முன்பணம் கொடுத்துவிட்டேன். லாரியில் தார்பாய் சரியாகப் போடவில்லை போலிருக்கிறது, கீழ் வரிசை முழுக்க ஈரம். டெலிவரி சலானின் கார்பன் பிரதியில் டிரைவர் முன்னாலேயே "120 கட்டு ஈரம், எடுக்கவில்லை" என்று எழுதி, அவரிடமும் கையெழுத்து வாங்கினேன். கட்டுக்கு 30 பெட்டி, ஆக 3,600 பெட்டிகள். அவை அதே லாரியில் திரும்பிப் போயின. அதன் பிறகு ஒரு முறை போனில் சண்டை, அத்தோடு சரி. மூன்று வருடம் முடிய இரண்டு மாதம் இருக்கும்போது, 1,20,000 பாக்கி, 24 சதவீத வட்டி, நோட்டீஸ் செலவு தனி என்று பதிவுத் தபால் வந்தது.

நான் உட்கார்ந்து எழுதிய பதில் இப்படி இருந்தது: "கணக்கில் 1,20,000 பாக்கி இருப்பது உண்மைதான். ஆனால் ஈரம் பட்ட பெட்டிகளுக்கான 1,08,000 ரூபாயைக் கழிக்காமல் ஒரு பைசாவும் தர முடியாது." நேர்மையாகவும் கறாராகவும் எழுதிவிட்டதாக ஒரு பெருமை வேறு.

வக்கீல் மேடம் அதைப் படித்துவிட்டு முதல் வாக்கியத்தின் கீழ் சிவப்பு மையில் கோடு போட்டார். "இதுக்காகத்தான் சார் அவங்க நோட்டீசே அனுப்பியிருக்காங்க" என்றார்.

அவர் விளக்கியது இதுதான். விற்ற சரக்கின் விலையைக் கேட்டு வழக்குப் போட மூன்று வருடம்தான் அவகாசம். கடன் தவணை எதுவும் பேசாத விற்பனையில் அது சரக்கு வந்த நாளிலிருந்து ஓடும். எனக்கு அது 2016 மார்ச் 18-ல் முடிகிறது. அதற்குள் நான் கையெழுத்துப் போட்ட ஒரு தாளில் "பாக்கி இருக்கிறது" என்று வந்துவிட்டால், 1963-ம் வருடத்துக் காலவரையறைச் சட்டத்தின் 18-வது பிரிவின்படி, அந்தக் கையெழுத்து நாளிலிருந்து புதிதாக மூன்று வருடம் ஓட ஆரம்பிக்கும். என் சார்பில் வக்கீல் எழுதினாலும் அதே கதிதான். "ஆனால் தரமாட்டேன்" என்று சேர்த்திருந்தால்? "என் நஷ்டத்தைக் கழித்துக்கொள்வேன்" என்று சேர்த்திருந்தால்? இரண்டும் சேர்ந்திருந்தாலும் அது ஒப்புதல்தான் என்று அந்தப் பிரிவின் விளக்கத்திலேயே எழுதியிருக்கிறது. நான் கறார் என்று நினைத்துச் சேர்த்த இரண்டையும் சட்டம் முன்கூட்டியே எதிர்பார்த்து வைத்திருந்தது.

அடுத்து அவர் கேட்ட கேள்வியில்தான் எனக்கு வேர்த்தது. "வருஷக் கடைசியில கணக்கு சரிபார்ப்புன்னு ஏதாவது லெட்டர்ல கையெழுத்துப் போட்டுக் கொடுத்தீங்களா?" ஒவ்வொரு மார்ச்சிலும் சப்ளையர்கள் அனுப்புவார்களே, "எங்கள் புத்தகப்படி உங்கள் பாக்கி இவ்வளவு, சரியென்றால் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பவும்" என்று, அதுதான். அதுவும் ஒப்புதல். எங்கள் கணக்குப்பிள்ளை எதை நீட்டினாலும் நான் படிக்காமல் போடுகிற ஆள். அன்று இரவு பழைய ஃபைல்களைத் தரையில் பரப்பித் தேடினேன். 2014 மார்ச் கடிதம் கிடைத்தது, கையெழுத்து இல்லாமல், டீத்தம்ளர் வட்டத்தோடு. அந்தக் கணக்குப்பிள்ளை அதற்கு முந்தின மாதம்தான் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுப் போயிருந்தார், ஒரு மாதச் சம்பளத்தை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு. அந்தப் பணம் இன்றுவரை வரவில்லை. அதற்கு நான் நோட்டீஸ் அனுப்பவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். ஆனால் அவர் போனதால்தான் அந்தக் கடிதம் என் மேசைக்கு வராமல் தப்பித்தது என்று நினைக்கும்போது கோபமும் முழுசாக வர மாட்டேன் என்கிறது.

சரி, பதிலுக்கு வருகிறேன்.

மேடம் தயாரித்தது ஒன்றரைப் பக்கம். நோட்டீசின் ஒவ்வொரு பத்திக்கும் தனித்தனி பதில். ஆர்டர் கொடுத்தது, முன்பணம் கொடுத்தது, லாரி வந்தது, இந்த மூன்றை மட்டும் ஒப்புக்கொண்டார். மறுத்தால் ரசீதைக் காட்டிப் பொய்யன் ஆக்கிவிடுவார்கள். அப்புறம் "120 கட்டுகள் ஈரமாக இருந்ததால் ஏற்கப்படவில்லை, அது சலானிலேயே குறிக்கப்பட்டுள்ளது" என்று ஒரு வரி. நான் 3,600 பெட்டி என்று போடச் சொன்னேன். வேண்டாம் என்றார். சலானில் என்ன வார்த்தை இருக்கிறதோ அதே வார்த்தைதான் பதிலிலும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் குறுக்கு விசாரணையில் கட்டு வேறா பெட்டி வேறா என்று அரை மணி நேரம் ஓட்டுவார்களாம்.

ஈரத்துக்கு 1,08,000 போனாலும் 12,000 மிச்சம் இருக்கிறதே, அதை எப்படி மறுப்பது என்று கேட்டேன். "அந்த 3,600 பெட்டிக்குப் பதிலா என்ன செஞ்சீங்க?" என்று திருப்பிக் கேட்டார். அவசரத்துக்கு வேறு இடத்தில் வாங்கியதில் எனக்கு 19,000 ரூபாய் கூடுதல் செலவு, பில்லும் இருந்தது. அதைச் சேர்த்துப் பார்த்தால் சப்ளையர்தான் எனக்கு 7,000 தர வேண்டும். எனவே "நோட்டீசில் கோரிய தொகையிலோ அதன் எந்தப் பகுதியிலோ எமது கட்சிக்காரருக்குப் பொறுப்பு இல்லை" என்ற வரி மனசாட்சியோடுதான் போனது. பணத்தை அமுக்கப் பார்த்தவன் என்று என்னைச் சொல்ல நினைப்பவர்கள் இந்தப் பத்தியை இன்னொரு முறை படிக்கவும்.

கடைசியில், சொல்லாததைப் பிறகு சொல்ல முடியுமா என்ற உங்கள் கேள்விக்கான வாசகம்: "இதில் குறிப்பாக ஒப்புக்கொள்ளப்பட்டவை தவிர மற்ற அனைத்தும் மறுக்கப்படுகின்றன. இங்கே சொல்லப்படாத எந்த எதிர்வாதத்தையும் கைவிட்டதாகக் கொள்ளக் கூடாது. அவற்றை உரிய மன்றத்தில் எழுப்பும் உரிமை தக்கவைத்துக்கொள்ளப்படுகிறது."

இந்த வாசகம் எதைக் காப்பாற்றும், எதைக் காப்பாற்றாது என்பதுதான் விஷயம். சட்டப்படியான வாதங்களுக்குப் பிரச்சினை இல்லை. எந்த ஊர்க் கோர்ட் என்ற ஆட்சேபணையைக் கோர்ட்டில் ஆரம்பத்திலேயே எழுப்பினால் போதும், நோட்டீஸ் பதிலில் சொல்லவில்லை என்பதற்காக அது போய்விடாது. காலாவதி வாதத்தை மேடம் வேண்டுமென்றேதான் விட்டார். அவகாசம் இரண்டு மாதம் பாக்கி இருக்கும்போது தேதியை எழுதி அவர்களை எழுப்பிவிடுவானேன். பிரதிவாதி சொல்லாவிட்டாலும் காலாவதியான வழக்கைத் தள்ளுபடி செய்ய வேண்டியது கோர்ட்டின் கடமை என்று அதே காலவரையறைச் சட்டத்தின் 3-வது பிரிவு சொல்கிறது.

நடந்த சங்கதிகள் அப்படி இல்லை. ஈரம் என்ற கதையை இப்போது விட்டுவிட்டு, வழக்கு வந்த பிறகு முதல் முறையாகச் சொன்னால் "பின்யோசனை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். என்னையும் கூண்டில் வைத்து, "ஈரம் என்பது வழக்குக்காக ஜோடித்ததுதானே?" என்று கேட்டார்கள். ஜனவரியிலேயே அனுப்பிய பதில், அதன் ஒப்புகை அட்டை, சலான் பிரதி மூன்றும் ஆவணமாக ஏறியிருந்ததால் அந்தக் கேள்வி அங்கேயே நின்றது. பதிலின் தலையில் "பாதகமின்றி" என்று பெரிதாகப் போட வேண்டும் என்று என் மைத்துனர் அடம் பிடித்ததும் இங்கே ஞாபகம் வருகிறது. அது சமரசப் பேச்சுக் கடிதத்துக்குப் போடுவது, கோர்ட்டில் காட்டக் கூடாது என்பதற்காக. நாளை நாமே காட்ட வேண்டிய பதிலில் அதைப் போட்டு ஏன் குழப்பிக்கொள்ள வேண்டும்?

அவர்கள் வழக்குப் போட்டது 2016 ஜூனில். என் பதிலில் "லாரி வந்தது" என்று இருப்பதே கடனை ஒப்புக்கொண்டதற்குச் சமம், அதனால் புதிய மூன்று வருடம் உண்டு என்று வாதாடினார்கள். சரக்கு வந்தது என்பது பழைய சங்கதி, இன்றைக்குக் கடன் நிலுவையில் இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளும் எண்ணம் அந்த எழுத்தில் தெரிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1961-லேயே சொன்னதை மேடம் எடுத்துக் காட்டினார். 2019-ல் வழக்கு காலாவதி என்று தள்ளுபடி ஆனது. என் முதல் நகல் போயிருந்தால் அந்த ஜூன் மாத வழக்கு தாராளமாக அவகாசத்துக்குள் வந்திருக்கும்.

அந்த 7,000 என்ன ஆனது என்று கேட்பீர்கள். உரிமையைத் தக்கவைத்துக்கொள்வதாக எழுதியிருந்தோமே, எதிர்க்கோரிக்கையாகக் கேட்கலாமே என்று நானும் கேட்டேன். அந்த வாசகம் எதிர்வாதத்துக்குக் கேடயம், கடிகாரத்தை நிறுத்தாது என்றார் மேடம். எதிர்க்கோரிக்கையைத் தாக்கல் செய்யும் நாளில்தான் அது வழக்காகக் கணக்கில் வரும். அதற்குள் என் மூன்று வருடமும் முடிந்திருந்தது.