‘இடுப்பு வலி’ என்று மட்டும் போனில் சொல்லாதே

“அக்கா, எனக்கு 34 வாரம். இங்க வந்து அஞ்சு மாசம்தான் ஆகுது. ஒரு மாசமா இடுப்பு வலி, ராத்திரி புரண்டு படுக்கவே முடியல. மிட்வைஃப் நார்மல்னு சொல்லிட்டாங்க. இதை எதுவரைக்கும் பொறுத்துக்கலாம், எப்போ ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணணும்?”

புரண்டு படுக்கும்போது வலிக்கிறது என்கிறாய், பாதி பதில் அதிலேயே இருக்கிறது. இடுப்பெலும்பு வளையத்தில் முன்னால் நடுவில் ஒரு மூட்டு, பின்னால் முதுகின் அடியில் குழி விழும் இடத்துக்குப் பக்கத்துக்கு ஒன்று. கடைசி மாதங்களில் அந்த மூட்டுகள் சமமாகப் பாரம் தாங்காதபோது வருகிற வலி இது. அசைவோடு வரும் வலி. ஒற்றைக் காலில் நின்று பேண்ட் போடும்போது, படி ஏறும்போது, காரிலிருந்து ஒரு காலை மட்டும் வெளியே வைக்கும்போது சுரீர் என்று பிடிக்கும். அசையாமல் இருந்தால் அடங்கும். இதனால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் ‘நார்மல்’ என்று சொல்லிவிட்டார்களே என்று சும்மா பொறுத்துக்கொண்டிருக்காதே, பிசியோதெரபிக்கு அனுப்பச் சொல்லிக் கேள். அதுவரை முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்துப் படு, புரளும்போது இரண்டு முழங்காலையும் ஒட்டி வைத்துக்கொண்டு புரளு, உட்கார்ந்து உடை மாற்று.

நான் மாட்டிக்கொண்டது வேறு இடத்தில். நம் தமிழில் முதுகின் அடிப்பகுதி, பக்கவாட்டு எலும்பு எல்லாமே இடுப்புதான். போதாக்குறைக்கு, ‘இடுப்பு வலி வந்துடுச்சு’ என்றால் பிரசவ வலி என்றும் அர்த்தம். இதை அப்படியே ‘ஹிப் பெயின்’ என்று இவர்களிடம் சொன்னால், கேட்பவருக்கு மூட்டு மட்டும்தான் தெரியும்.

எனக்கு 33வது வாரம். உனக்கு இருப்பதுபோலவே மூட்டு வலி ஒரு மாதமாக இருந்தது. ஒரு சாயங்காலம் வலி கூடியது. பழைய வலிதான் என்று பாரசிட்டமால் போட்டேன், போன் செய்து ‘ஹிப் பெயின்’ என்றேன். எடுத்தவர் தலையணை வைத்துப் படுக்கச் சொன்னார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, நான் சொன்னதற்கு அதுதான் பதில். விடியற்காலை பல் கிட்டும் அளவுக்குக் குளிர் நடுக்கம், குமட்டல். அப்போதுதான் கை வைத்துப் பார்த்தேன். வலி கீழே மூட்டில் இல்லை, வலது பக்கம் முதுகில் கடைசி விலாவுக்குக் கீழே இருந்தது. எப்படித் திரும்பிப் படுத்தாலும் மாறவில்லை. மெல்லத் தட்டியதும் உயிர் போனது.

சிறுநீரகத்தில் தொற்று. கர்ப்பப்பை வலப்பக்கம் சாய்ந்து சிறுநீர்க்குழாயை அழுத்துவதால் சிறுநீர் தேங்கும், கிருமி மேலே ஏறும், அதனால் பெரும்பாலும் வலது பக்கம்தான் வரும் என்றார் டாக்டர். சிறுநீர் கழிக்கும்போது எனக்கு எரிச்சலே இல்லை, அதனால்தான் சந்தேகமே வரவில்லை. காய்ச்சலை மாத்திரை மறைத்திருந்தது. இனி நீ மாத்திரை போடும் முன் தெர்மாமீட்டர் வைத்துப் பார். 38 டிகிரி காட்டினால் காத்திருக்காதே. (இபுபுரூஃபன் பக்கம் போகவே வேண்டாம், இந்த மாதங்களில் அது குழந்தைக்கு ஆகாது.)

படுக்க வைத்து நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள். கர்ப்பத்தில் இந்தத் தொற்றைப் பெரும்பாலும் வீட்டில் மாத்திரையோடு விடமாட்டார்கள், அது பிரசவ வலியைத் தூண்டிவிடலாம். எனக்கும் அன்று வயிறு இறுகி இறுகி விட்டது. காய்ச்சல் இறங்கியதும்தான் நின்றது.

பிரசவ வலி முதுகிலேயே தொடங்கலாம் என்பது அங்கேதான் புரிந்தது. அது அலை மாதிரி. அடிமுதுகில் ஏறி உச்சிக்குப் போய் முழுதாக விட்டுவிடும், பிறகு திரும்ப வரும். வலிக்கும் நேரத்தில் வயிற்றில் கை வைத்தால் கல்லாக இறுகியிருக்கும். நீ அசைந்தாலும் அசையாவிட்டாலும் அது தன் கணக்கில் வரும். ஒரு வலி தொடங்கியதிலிருந்து அடுத்தது தொடங்கும் வரை நேரம் பார். உனக்கு 37 வாரம் ஆகவில்லை, அதனால் இடைவெளி குறையட்டும் என்று உட்காராதே, ஒழுங்காக வருகிறது என்று தெரிந்ததுமே கூப்பிடு. நீர் கசிவு, இரத்தம், குழந்தையின் அசைவு குறைவது, இதில் எதுவானாலும் வலியே இல்லாவிட்டாலும் கூப்பிடு.

போனில் வலிக்குப் பெயர் வைக்காதே. எத்தனை வாரம், கையை எங்கே வைத்தால் வலிக்கிறது, விட்டு விட்டு வருகிறதா, அசைந்தால் கூடுகிறதா, காய்ச்சல் எவ்வளவு, இதை மட்டும் சொல். தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு வாங்கினாலும் இப்படியே சொல். ‘இடுப்பு’ என்றால் அவரும் ‘ஹிப்’ என்றுதான் சொல்லிவைப்பார்.