டிபன் கேரியரில் ஸ்டிக்கர் அழித்த இடம் பளிச்சென்று தெரிகிறதே?

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் பாத்திரக் கடை வைத்திருக்கிறோம். இணையத்தில் போட 60 எவர்சில்வர் சாமான்களைப் படம் எடுத்தோம். பலவற்றில் விலை ஸ்டிக்கர், பார்கோடு, டேப் ஒட்டிய கறை இருக்கிறது. தம்பி போட்டோஷாப்பில் அழித்தால் அந்த இடம் புகை படிந்த மாதிரி ஆகிவிடுகிறது. என்ன செய்வது?

பதில்: சாமான் இன்னும் கடையில் இருந்தால் துடைத்துவிட்டு மறுபடி எடுங்கள். அதுதான் குறைந்த வேலை. ஹேர் டிரையரில் அரை நிமிடம் சூடு காட்டினால் ஸ்டிக்கர் ஓரத்திலிருந்து உரிந்து வரும். மிச்சப் பிசின் மேல் தேங்காய் எண்ணெய் தடவிப் பத்து நிமிடம் விட்டு, துணியால் துடைத்து, சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். கம்பி நார் மட்டும் வேண்டாம். அது போடும் கீறல் ஸ்டிக்கரைவிட அசிங்கமாகப் படத்தில் தெரியும்.

விற்றுப்போன சாமானுக்குத்தான் போட்டோஷாப். உங்கள் தம்பி Healing Brush பயன்படுத்துகிறார் என்று நினைக்கிறேன். அது சுற்றியுள்ள நிறத்தைக் கலந்து பூசும். ஸ்டிக்கர் பக்கத்தில் கறுப்பு நிழலோ விளிம்போ இருந்தால் அந்தக் கறுப்பும் உள்ளே இழுபடும். நீங்கள் சொல்லும் புகை அதுதான்.

நிற்க வைத்த டிபன் கேரியர் உருளை வடிவம். அதில் வெளிச்சம் இடமிருந்து வலமாக மாறும், மேலிருந்து கீழாக அநேகமாக மாறாது. அதனால் ஒட்டு எடுப்பது பக்கவாட்டிலிருந்து இல்லை, ஸ்டிக்கருக்கு நேர் மேலே அல்லது நேர் கீழேயிருந்து. புது லேயர் ஒன்று திறந்து, Clone Stamp எடுத்து, Sample என்ற இடத்தில் Current & Below வைத்துக்கொள்ளுங்கள். Alt அழுத்தியபடி அதே நேர்கோட்டில் மேலே ஒரு கிளிக், பிறகு ஸ்டிக்கர் மேல் வரையுங்கள். அடுக்குக்கு அடுக்கு வரும் விளிம்பைத் தாண்டாதீர்கள். தாண்டினால் பாத்திரத்தில் இல்லாத வளையம் ஒன்று முளைக்கும்.

பலர் விட்டுவிடுவது பிரதிபலிப்பு. நடு அடுக்கில் வெள்ளை ஸ்டிக்கர் இருந்தால், பக்கத்தில் வைத்த மூடியிலும் ஒரு வெள்ளைப் பொட்டு விழுந்திருக்கும். அதையும் எடுக்க வேண்டும். முடிந்ததும் மேலே ஒரு Curves லேயர் போட்டு கான்ட்ராஸ்ட்டைக் கடுமையாக ஏற்றிப் பாருங்கள். ஒட்டுப் போட்ட இடம் இருந்தால் தேமல் மாதிரி தெரியும். சரி செய்துவிட்டு அந்த லேயரை நீக்கிவிடலாம்.

அழிக்கக் கூடாததும் உண்டு. பாத்திரத்தில் பொறித்த ஐ.எஸ்.ஐ. முத்திரை, கம்பெனிப் பெயர், உண்மையான நசுங்கல் இவற்றைத் தொடாதீர்கள். நசுங்கலை மறைத்து அனுப்பினால், வாங்குகிறவர் படத்தைக் காட்டித்தான் புகார் தருவார். பெட்டியில் அடைத்த சாமானாக இருந்தால் படத்தில் பார்கோடை அழிப்பதில் தவறில்லை. ஆனால் 2011-ஆம் ஆண்டு பொட்டலப் பொருள் விதிகளின்படி எம்.ஆர்.பி., தயாரிப்பாளர் பெயர், முகவரி ஆகியவை இணையப் பக்கத்தில் இருக்க வேண்டும். லேபிளை அழிக்கும் முன் இவற்றைப் பார்த்து டைப் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.