சபையில் அங்கத்தவராகச் சேர்வது

கேள்வி: ஹட்டனுக்கு வந்து மெதடிஸ்ட் சபைக்குப் போகிறேன். அங்கத்தவர் வகுப்புக்குக் கூப்பிடுகிறார்கள். குழந்தையில் ஞானஸ்நானம் பெற்றவன். மறுபடி எடுக்கச் சொல்வார்களா?

இல்லை. மெதடிஸ்ட் சபை குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்கிறது, திரும்பக் கொடுப்பதில்லை. பெந்தெகொஸ்தே சபையென்றால் பெரும்பாலும் முழுக்கு ஞானஸ்நானம் கேட்பார்கள். பழைய தோட்டத்துச் சபையில் சான்றிதழ் வாங்கி வாருங்கள்.

திடப்படுத்தல் இன்னும் ஆகவில்லையென்றால் வகுப்பு அதற்குத்தான். குழந்தை ஞானஸ்நானத்தன்று பெற்றோர் உங்களுக்காகச் சொன்ன வாக்கை, ஆராதனையில் எல்லோர் முன்னும் நீங்களே சொல்வீர்கள். ஏற்கெனவே ஆகியிருந்தால், பழைய போதகரிடம் மாற்றுக் கடிதம் கேளுங்கள்.

அப்புறம், காணிக்கை வருமானத்துக்கு ஏற்றதுதான். கொழுந்து குறைந்து சம்பளம் சுருங்கிய மாதத்தில் போதகரிடம் வெளிப்படையாகச் சொல்லலாம். காசைவிட நேரம்தான் அதிகம் போகும்: லயத்தில் சாவு வீடென்றால் இரவு ஜெபத்துக்கு உங்களையும் எதிர்பார்ப்பார்கள்.