வலியில் கிடக்கும் நாயைக் கருணைக்கொலை செய்யும் முடிவை எப்போது எடுப்பது?

கேள்வி: 13 வயது லாப்ரடார். கிட்னி போய்விட்டது. ஊசி போட்டு அனுப்பிவிடலாம் என்கிறார் டாக்டர். ஆனால் என்னைப் பார்த்தால் இன்னும் வாலாட்டுகிறான். எப்போது என்று எப்படித் தெரியும்? அந்த ஊசி வலிக்குமா?

வாலை வைத்து முடிவு செய்யாதீர்கள். நாங்கள் அந்தத் தப்பைச் செய்தோம்.

எங்கள் கருப்பனுக்கும் கிட்னிதான். ரத்தத்தில் கழிவு எவ்வளவு தங்குகிறது என்று காட்டும் கிரியேட்டினின் 8ஐத் தாண்டியிருந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் தோலுக்கடியில் சலைன் ஏற்றிக்கொண்டிருந்தோம். நான் வேலை முடிந்து கேட்டைத் திறந்தால் படுத்தபடியே வாலைத் தரையில் தட்டுவான். அதைப் பார்த்தே இரண்டு வாரம் ஓட்டினேன். வீட்டு ஆளைக் கண்டால் நாய் வலியோடும் வாலாட்டும் என்று அப்புறம்தான் புரிந்தது.

டாக்டர் ஒரு மதிப்பெண் பட்டியல் கொடுத்தார். அலிஸ் வில்லலோபோஸ் என்ற அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் உருவாக்கியது. வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்று ஏழு விஷயங்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை, நிலைமை நன்றாக இருந்தால் அதிக மதிப்பெண்; வலிக்கும் அப்படித்தான், வலி குறைவென்றால் மதிப்பெண் அதிகம். மூச்சுத் திணறல் வலியில் சேரும். கூட்டினால் 35க்கு மேல் வந்தால் கவனிப்பைத் தொடரலாம் என்பது கணக்கு.

நான் போட்டது 37. அம்மாவைத் தனியாகப் போடச் சொன்னேன். 24. வலிக்கு நான் 7 கொடுத்திருந்தேன், அம்மா 3. பசிக்கு நான் 4, அம்மா 1. "நீ குடுத்த பிஸ்கட்ட வாங்கி வாயில வெச்சுக்கிட்டான். நீ அந்தப் பக்கம் போனதும் கீழ போட்டுட்டான். ராத்திரி மூணு மணிக்கு அவன் தண்ணிக் கிண்ணத்து மேல தலையத் தொங்கப் போட்டுட்டு நிக்கிறத நீ பாத்திருக்கியா?" என்றார். பார்த்ததில்லை. மறுநாள் உதட்டைத் தூக்கிப் பார்த்தோம். ஈறு முழுக்கப் புண், மூத்திர வாடை. கிட்னி வெளியேற்ற முடியாத கழிவு ரத்தத்தில் தங்குவதால் வருவது. பசி இருந்தாலும் தின்ன முடியாது.

அதனால் வீட்டில் இரண்டு பேர் தனித்தனியாக மதிப்பெண் போடுங்கள். ராத்திரி கூட இருப்பவர் கட்டாயம் ஒருவராக இருக்கட்டும். மொத்தத்தை மட்டும் பார்த்தும் ஏமாறக்கூடாது. சலைன் ஏற்றிய அன்று நீர்ச்சத்து மதிப்பெண் தானாக ஏறும். வலிக்கோ மூச்சுக்கோ 2தான் என்றால் மொத்தம் 40 வந்தும் பிரயோசனமில்லை. கூடவே காலண்டரில் நல்ல நாளுக்கு வட்டம், கெட்ட நாளுக்குப் பெருக்கல் குறி போடுங்கள். எங்கள் காலண்டரில் 14 நாளில் 9 பெருக்கல். ஐந்தாவது பெருக்கலிலேயே முடிவு செய்திருக்க வேண்டும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஊசி விஷயம். முதலில் தொடையில் மயக்க ஊசி. நாய்க்குத் தெரியும் வலி பெரும்பாலும் அந்தக் குத்து மட்டும்தான். பத்து, பதினைந்து நிமிடத்தில் அசந்துவிடும். சில மருந்துக்கு அதற்குள் வாந்தி வரும், பயப்பட வேண்டாம். அப்புறம் முன்னங்காலில் முடியை மழித்து நரம்பில் ஊசிக்குழாய் போடுவார்கள். கிட்னி நோயில் ரத்த ஓட்டம் குறைந்து நரம்பு சீக்கிரம் அகப்படாது. கருப்பனுக்கு மூன்றாவது முயற்சியில்தான் கிடைத்தது. தூங்கிக்கொண்டிருந்ததால் அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை.

அந்தக் குழாய் வழியாகப் போவது பென்டோபார்பிடால், அதாவது மயக்க மருந்தையே அளவுக்கு மீறிக் கொடுப்பது. முதலில் நினைவு, பிறகு மூச்சு, பிறகு இதயம் என்று சில நிமிடத்தில் அடங்கும். நம் ஊரில் அது எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. அப்போது தையோபென்டோன் கொடுத்து ஆழ்ந்த மயக்கத்துக்குக் கொண்டுபோய், அதற்கு மேல் இதயத்தை நிறுத்தும் பொட்டாசியம் குளோரைடு போடுவார்கள். இந்த வரிசையைக் கட்டாயம் கேளுங்கள். நினைவோடு இருக்கும் நாய்க்குப் பொட்டாசியம் போட்டால் அது சித்திரவதை. நாங்கள் முதலில் போன இடத்தில் "மயக்கமெல்லாம் எதுக்கு, ஒரே ஊசிதான்" என்றார்கள். எந்த மருந்து என்று கேட்டதற்குப் பதில் இல்லை. திரும்பி வந்துவிட்டோம்.

கண் மூடாது. இதயம் நின்ற பிறகும் ஒன்றிரண்டு முறை வாய் திறந்து மூச்சு இழுப்பதுபோல் இருக்கும், தசை துடிக்கும், மூத்திரம் போகும். எங்களுக்கு இதை முன்பே சொல்லியிருந்தார்கள். இருந்தும் அந்த இழுப்பைப் பார்த்து அம்மா "உசுரு இருக்கு டாக்டர்" என்று கத்திவிட்டார். டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சிலிருந்து எடுக்காமல் சில நிமிடம் கேட்டுவிட்டுத்தான் தலையாட்டினார். அடியில் விரிக்கப் பழைய போர்வை கொண்டுபோங்கள்.

புதைப்பதாக இருந்தால் நாலடிக்குக் குறையாமல் தோண்டுங்கள். மருந்து உடம்பிலேயே தங்கும், தெருநாய் தோண்டித் தின்றால் அதுவும் சாகும். குழியை முதல்நாளே வெட்டி வைத்துவிடுங்கள். நாங்கள் அன்றைக்குத்தான் ஆள் தேடி அலைந்தோம்.