மூன்றாவது கடையைப் பட்டியலில் சேர்த்ததும் முதலிடம் மாறியது

*"புதுக் கிளைக்கு இரண்டு மூன்று இடம் பார்த்து வைத்திருக்கிறேன். வாடகை, ஆள் நடமாட்டம், வந்து போகும் வசதி மூன்றுக்கும் எடை கொடுத்து மதிப்பெண் போட்டால் சரியான இடம் கிடைத்துவிடுமா?"*

எக்செல்லைத் திறந்து பாதி வேலை முடித்துவிட்டுத்தான் இங்கே வந்து கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான் இருந்தேன். எக்செல் சீட்டில் முதலில் வந்த இடத்தில் கிளை போட்டு, மூன்று வருட ஒப்பந்தம் முடியும் வரை அதில் உட்கார்ந்திருந்தவன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எங்களுடையது மூக்குக்கண்ணாடிக் கடை. நானும் மச்சானும் பங்கு. இரண்டாவது கிளைக்கு இரண்டு இடம் பார்த்தோம். ஒன்று பேருந்து நிறுத்தத்தை ஒட்டி, நான்கு படி ஏறிப் போகிற கடை. இன்னொன்று அதற்கு ஒரு தெரு உள்ளே தள்ளி, தரைமட்டத்தில், வாசலில் வண்டி நிறுத்த இடம் உள்ள கடை. இரண்டே இடம் என்றால் கடன் ஃபைலில் நன்றாக இருக்காது, மூன்றாவது வேண்டும் என்றார் மச்சான். ஊர்க்கோடியில் பாதி வாடகைக்கு ஒரு கடை காலியாக இருந்தது. அங்கே போகப்போவதில்லை என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். சும்மா ஒரு வரிசைக்காகச் சேர்த்தோம். அந்த வரிசைதான் முடிவையே மாற்றியது என்று ஒரு வருடம் கழித்துத்தான் கண்டுபிடித்தேன்.

பழைய கடையின் வாடகையை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். நடமாட்டம் என்பது கடை இருக்கிற பக்கமாக ஒரு மணி நேரத்தில் நடந்து போகிற ஆட்கள். வசதி என்பது படி, வண்டி நிறுத்தம், சாலையைக் கடக்க வேண்டியிருக்கிறதா இதையெல்லாம் பார்த்து நாங்களே பத்துக்குப் போட்ட மார்க்.

நிறுத்தத்துக் கடை: வாடகை 150, நடமாட்டம் 420, வசதி 4
உள்தெருக் கடை: வாடகை 120, நடமாட்டம் 270, வசதி 6
கோடிக் கடை: வாடகை 50, நடமாட்டம் 120, வசதி 1

எடை: வாடகைக்கு 30, நடமாட்டத்துக்கு 45, வசதிக்கு 25. எங்கேயோ படித்த முறைப்படி, ஒவ்வொரு பத்தியிலும் மோசமானதற்கு 0, சிறந்ததற்கு 10, நடுவில் இருப்பதற்கு அந்த விகிதத்தில் மார்க். வாடகைப் பத்திக்கு இப்படி:

```
=(MAX(B$2:B$4)-B2)/(MAX(B$2:B$4)-MIN(B$2:B$4))*10
```

நிறுத்தத்துக் கடைக்கு வாடகையில் 0, நடமாட்டத்தில் 10, வசதியில் 6. உள்தெருவுக்கு 3, 5, 10. எடையால் பெருக்கிக் கூட்டினால் நிறுத்தம் 6.00, உள்தெரு 5.65. கோடிக்கு 3.00. மச்சான் உடனே போனை எடுத்து நிறுத்தத்துக் கடைக்காரரிடம் முன்பணம் பேச ஆரம்பித்துவிட்டார்.

இப்போது கோடிக் கடை வரிசையை மட்டும் அழித்துப் பாருங்கள். எடையைத் தொட வேண்டாம், மற்ற இரண்டு கடைகளின் எண்ணையும் தொட வேண்டாம். நிறுத்தம் 4.5, உள்தெரு 5.5. யாருமே போகப்போகாத ஒரு கடை பட்டியலில் இருப்பதும் இல்லாததும், மற்ற இரண்டில் எது மேல் என்பதைத் தீர்மானிக்கிறது!

இதில் மாயம் ஒன்றும் இல்லை. குற்றவாளி அந்த MAX, MIN. இரண்டு கடை மட்டும் இருந்தபோது வாடகை வித்தியாசம் 30. வாடகைக்குக் கொடுத்த 30 எடையும் முழுசாக அந்த வித்தியாசத்தின் மேல் உட்கார்ந்திருந்தது. கோடிக் கடை வந்ததும் பத்தியின் அகலம் 50 முதல் 150 வரை விரிந்துவிட்டது. அதே 30 எடை இப்போது 100 அளவுக்குப் பரவியாக வேண்டும். அதனால் எங்களுக்கு உண்மையில் முக்கியமான அந்த 30 வித்தியாசத்துக்குக் கிடைத்தது வெறும் 9. வசதிப் பத்தியிலும் இதே கதை, 25 எடை 10 ஆகச் சுருங்கியது. நடமாட்டமும் 45-லிருந்து 22.5 ஆனது, ஆனால் மற்ற இரண்டு அளவுக்கு அடிவாங்கவில்லை. 9-ம் 10-ம் சேர்ந்து 19. நிறுத்தத்துக் கடை ஜெயித்தது இந்த 22.5-க்கும் 19-க்கும் நடுவே இருந்த இடைவெளியில்தான்.

அதாவது "நடமாட்டத்துக்கு 45" என்று தனியாகச் சொன்னால் அதற்கு அர்த்தமே கிடையாது. எத்தனை ஆள் வித்தியாசத்துக்கு 45 என்று சேர்த்துச் சொன்னால்தான் உண்டு. எடை போடும்போது "எது முக்கியம்" என்று கேட்காதீர்கள், எல்லாருமே நடமாட்டம் என்றுதான் சொல்வார்கள். "வாடகை 30 குறைவது வேண்டுமா, மணிக்கு 150 பேர் கூடுவது வேண்டுமா" என்று கேளுங்கள். மச்சானிடம் பிற்பாடு இப்படிக் கேட்டபோது ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணுதான்" என்றார். அப்படியானால் 30-க்கு 45 என்று ஏன் போட்டோம்?

இன்னொன்றும் அன்றே செய்திருக்கலாம், இரண்டு நிமிட வேலை. 45-ஐ 40 ஆக்கி, மீதியை வாடகைக்கு 33, வசதிக்கு 27 என்று பிரித்திருந்தால் கோடிக் கடை பட்டியலில் இருக்கும்போதே உள்தெரு மயிரிழையில் முந்தியிருக்கும். ஏதோ ஒரு சாயங்காலம் பேச்சுவாக்கில் போட்ட 45 அது. ஐந்து குறைத்தாலே புரண்டுவிடுகிற முடிவை முடிவென்று எப்படிச் சொல்வது? சீட்டு அன்றைக்குச் சொன்னது "இந்த இரண்டும் சமம், இன்னும் விசாரி" என்பதுதான். நாங்கள்தான் 6.00 பெரியதா 5.65 பெரியதா என்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அளவுகோலை ஒழுங்காக வைத்திருந்தால் தப்பித்திருப்பாயா" என்று யாராவது கேட்கலாம். நேர்மையாகச் சொன்னால், அது மட்டும் போதாது. இப்போது நான் 0, 10 இரண்டையும் பட்டியலிலிருந்து எடுப்பதில்லை, தொழிலிலிருந்து எடுக்கிறேன். வாடகை 170-ஐத் தொட்டால் எங்கள் வியாபாரத்தில் லாபமே நிற்காது, அதனால் அது 0. 70-க்கோ அதற்குக் கீழோ கிடைத்தால் 10.

```
=MEDIAN(0,10,(170-B2)/(170-70)*10)
```

இப்படிப் போட்டால் பட்டியலில் யாரைச் சேர்த்தாலும் நீக்கினாலும் மற்றவர்களின் மார்க் அசையாது. ஆனால் நடமாட்டத்துக்கும் 100 பேருக்கு 0, 500 பேருக்கு 10 என்று வைத்து, வசதிக்குப் பத்துக்குப் போட்ட மார்க்கை அப்படியே விட்டு, எங்கள் பழைய எண்களைப் போட்டுப் பார்த்தேன். நிறுத்தம் 5.2, உள்தெரு 4.9. மறுபடியும் நிறுத்தம்தான்! ஏனென்றால் எண்ணியதே தப்பு.

கிளை திறந்து நான்காவது மாதம், ஒரு ஸ்டூலைப் போட்டு வாசலில் உட்கார்ந்தேன். கையில் ஒரு எண்ணி, ஆள் போகப் போக ஒரு அமுக்கு. 420 என்பது பொய்யில்லை, சொல்லப்போனால் கூடவே இருந்தது. ஆனால் ஒருவர்கூடக் கடைப்பக்கம் திரும்பவில்லை. எல்லார் கழுத்தும் பேருந்து வருகிற திசையில். கடை எங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது, அவர்களுக்கும் அப்படித்தான். முன்பு நாங்கள் எண்ணியதும் ஒரு வேலைநாள் காலை ஒன்பது மணிக்கு. அந்த நேரத்தில் யார் கண்ணாடி வாங்க வருகிறார்கள்? எங்கள் வியாபாரம் மாலை ஆறுக்கு மேல், அப்புறம் விடுமுறை நாள்.

அதற்குப் பிறகு போகிறவர்களை எண்ணுவதை விட்டுவிட்டேன். அக்கம்பக்கத்துக் கடைகளுக்குள் காலெடுத்து வைக்கிறவர்களை மட்டும், எங்கள் வியாபார நேரத்தில் எண்ணினேன். நிறுத்தத்துப் பக்கம் மணிக்கு 25 பேர். உள்தெருவில் 45. இதற்கு 10 பேர் என்றால் 0, 60 பேர் என்றால் 10 என்று வைத்து, அதே பழைய எடையில் போட்டால் நிறுத்தம் 2.95, உள்தெரு 6.15. இப்போது எடையை எப்படித் திருகினாலும் முடிவு புரளாது. மூன்று பத்தியிலும் உள்தெருதான் மேல்.

பட்ட பிறகு போடுகிற கணக்கு எப்போதும் அழகாகத்தான் வரும் என்று சொல்வீர்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த எண்ணி கடை திறப்பதற்கு முன்பே என் மேஜையில்தான் இருந்தது.

வசதிக்கு வேறு ஒரு குறை. கூட்டல் கணக்கில் ஒன்றின் ஓட்டையை இன்னொன்று அடைத்துவிடும். நான்கு படிக்கு நாங்கள் கொடுத்த தண்டனை மார்க்கை 420 பேர் சத்தமில்லாமல் ஈடுகட்டிவிட்டார்கள். நிஜத்தில் அப்படி ஈடாகாது. ஒரு பாட்டி டாக்டர் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கீழேயே நின்று, "தம்பி, நீங்க இறங்கி வர முடியுமா?" என்று கேட்டார். கண்ணாடிச் சட்டங்களைத் தட்டில் அடுக்கி எடுத்துக்கொண்டு போய் நடைபாதையில் வைத்துக் காட்டினேன். கண் பரிசோதனைக் கருவியைத் தட்டில் வைத்து இறக்க முடியுமா? எங்கள் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் வயதானவர்கள். அதனால் சிலவற்றுக்கு மார்க்கே போடக்கூடாது, கேட்டிலேயே நிறுத்திவிட வேண்டும். எங்களுக்கு இப்போது விதி: படி இருந்து சாய்தளம் போட இடமில்லை என்றால் சீட்டுக்குள்ளேயே வராது. வாடகை 170-க்கு மேல் போனாலும் அப்படியே. போகப்போவதில்லை என்று தெரிந்த கோடிக் கடையையும் அன்றே கேட்டில் நிறுத்தியிருந்தால் இவ்வளவு கலாட்டாவும் வந்திருக்காது. உங்கள் தொழிலுக்கு அந்தக் கேட் வேறாக இருக்கும். போகிற போக்கில் வாங்குகிற பொருள் என்றால் படியைவிட முகப்பு முக்கியம், எடையும் வேறு. என் 30, 45, 25-ஐ அப்படியே எடுத்து ஒட்டிக்கொள்ளாதீர்கள்.

கமெண்டில் யாராவது "அனுபவஸ்தன் கண்ணாலேயே சொல்லிவிடுவான், சீட்டு எதற்கு" என்று வருவார்கள். ஐயா, அந்த இடத்தைக் கண்ணாலே பார்த்து அசந்துபோனதும் நாங்கள்தான், கூட்டத்தைப் பார்த்து. சீட்டு இருந்ததால்தான் எங்கே தவறினோம் என்று திரும்பிப் போய்ப் பார்க்க முடிந்தது.

இதில் என் மனசு ஆறாத விஷயம் ஒன்று உண்டு, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். இன்றைக்கும் எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் மச்சான் பந்தியில் உட்கார்ந்து, "இவர் கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டு எடுத்த கடை" என்று ஆரம்பித்துவிடுவார். மூன்றாவது வரிசையைச் சேர்க்கச் சொன்னது யார் என்பது அந்தக் கதையில் வரவே வராது. அக்கா முகத்துக்காக நானும் சிரித்துக்கொண்டே சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவேன்.

ஒப்பந்தம் முடிந்ததும் உள்தெருக் கடையைத்தான் போய்க் கேட்டேன். அதற்குள் மருந்துக்கடை வந்துவிட்டது. அம்மாவுக்கு மாத்திரை அங்கேதான் வாங்குகிறேன். வண்டியை வாசலிலேயே நிறுத்தலாம், அம்மாவும் யார் கையையும் பிடிக்காமல் உள்ளே போய்விடுகிறார்.